பின்னாலிருந்து எண்ணுங்கள்: மாதவிடாய்க்கு முன் வரும் மார்பு வலி

மே மாதக் கடைசி. அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையாத ஒரு சாயங்காலம், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண் ஒருத்தி எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். 28 வயது, 4 வயதில் ஒரு பையன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல வலது கையை மார்பின் மேல் வைத்தபடியே உட்கார்ந்தாள்.

"இன்னா நர்சம்மா இது, மாசத்துல பத்து நாளு இப்டியே கீது. மெஷின்ல கொஞ்சம் குனிஞ்சா மேஜை இடிக்குது, உயிர் போவுது. பையன் ஓடிவந்து மேல விழுந்தா அவனைத் தள்ளி விட்டுடறேன். அப்புறம் எனக்கே அழுகையா வருது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருஷமாக என்றாள். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கும் இப்போது வந்ததற்கும் காரணம் ஒன்றேதான், பயம். அவளுடைய தெருவில் ஒரு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டில் அத்தை, "சூடு ஏறிப்போச்சு, விளக்கெண்ணெய் வெச்சிக்கோ" என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தை சொன்ன அந்தச் சூட்டைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

"பீரியட்ஸுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். அவள் உடனே, "அதான் நர்சம்மா குழப்பம். ஒரு மாசம் இருபத்தஞ்சாம் நாளு வருது, ஒரு மாசம் இருபத்திமூணு. கணக்கே இல்ல" என்றாள்.

கணக்கு இருந்தது. அவள் முன்னாலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள், இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் இந்த வலியில் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான். அதற்கு மார்புக்குள்ளே என்ன இருக்கிறது, மாதாமாதம் அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வேப்பங்காய்க் கொத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து பிரியும் சிறு காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு காய். மார்பகத்தின் உள்ளே பால் சுரக்கும் பகுதி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. ஒரு மார்பில் இப்படி 15 முதல் 20 கொத்துகள். காம்புகள்தான் பால் குழாய்கள், அவை முலைக்காம்பின் நுனியை நோக்கி வந்து சேர்கின்றன. காய்கள் இருக்கும் இடத்தில் பால் சுரக்கும் நுண்ணறைகள். கொத்துகளைச் சுற்றிலும், இடையிலும் கொழுப்பும், பஞ்சு போன்ற இணைப்புத் திசுவும் நிரம்பியிருக்கின்றன. இந்தப் பஞ்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வலியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மாதவிடாய் வந்த நாளை 1 என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து கருமுட்டை வெளியேறும் நாள் வரை சூற்பையில் ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் மெல்ல மெல்ல ஏறுகிறது. அது மார்பில் குழாய்களை, அதாவது காம்புகளைத் தூண்டுகிறது. முட்டை வெளியேறுவதற்குச் சற்று முன்னால் ஈஸ்ட்ரோஜென் உச்சத்துக்கே போகிறது. ஆனாலும் அந்த நாட்களில் பெரும்பாலான பெண்களுக்கு மார்பு வலிப்பதில்லை. ஈஸ்ட்ரோஜென் ஒன்று மட்டும்தான் காரணம் என்றால் அப்போதல்லவா வலிக்க வேண்டும்?

முட்டை வெளியேறிய பிறகுதான் கதை மாறுகிறது. முட்டை கிழித்துக்கொண்டு வந்த அந்தச் சின்னப் பை வீணாகப் போவதில்லை. அது மடங்கி, மஞ்சள் நிறமாகி, தானே ஒரு சுரப்பியாக வேலை செய்யத் தொடங்குகிறது. மஞ்சள் உடலம் என்று அதற்குப் பெயர். அது புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டாவது ஹார்மோனை நிறையச் சுரக்கிறது, கூடவே ஈஸ்ட்ரோஜெனையும் சுரக்கிறது. முட்டை வெளியேறி ஒரு வாரம் ஆகும்போது புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும், ஈஸ்ட்ரோஜெனும் இரண்டாவது தடவை ஏறியிருக்கும். குழந்தை தங்கினால் வீடு தயாராக இருக்க வேண்டும் அல்லவா? கருப்பை தன் உள்சுவரைத் தடிமனாக்குகிறது. மார்பும் தன் பங்குக்குத் தயாராகிறது. நுண்ணறைகளில் செல்கள் பெருகுகின்றன, காய்கள் பருக்கின்றன. சுற்றியுள்ள பஞ்சுத் திசு தளர்ந்து, ரத்த ஓட்டம் கூடி, நீர் கோத்துக்கொள்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பின் கனஅளவே கூடுகிறது என்பது அளந்து பார்த்து உறுதியான விஷயம். போன வாரம் சரியாக இருந்த பிரா இந்த வாரம் பிடிக்கிறது என்று பெண்கள் சொல்வது பிரமை இல்லை.

கோத்துக்கொண்ட நீர் என்றால் பையில் கட்டியிருக்கும் தண்ணீர் மாதிரி நினைக்க வேண்டாம். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஆறு காய்ந்து கிடக்கும், மேலே ஒரு சொட்டு தெரியாது. மணலைக் கொஞ்சம் தோண்டினால் ஈரம், இன்னும் தோண்டினால் ஊற்று. மணல் துகளுக்கு இடையில் நீர் பரவி நிற்பதுபோலத்தான் இங்கேயும் திசுவின் இழைகளுக்கு இடையில் நீர் பரவி நிற்கிறது. தோல் இழுபடுகிறது, உள்ளே இருக்கும் நரம்பு நுனிகள் அழுந்துகின்றன. கனமாக, கட்டிக்கொண்டமாதிரி, தொட்டாலே வலிக்கிறமாதிரி இருப்பது இதனால்தான்.

சரி, குழந்தை தங்கவில்லை என்றால்? மஞ்சள் உடலம் ஏறக்குறைய இரண்டு வாரம்தான் உயிரோடு இருக்கும். கரு தங்கியிருந்தால் அதிலிருந்து ஒரு செய்தி வந்து அதை வாழ வைக்கும். செய்தி வரவில்லை என்றால் அது சுருங்கிவிடும், இரண்டு ஹார்மோன்களும் சட்டென்று இறங்கும். கருப்பையின் தடித்த உள்சுவர் கழன்று ரத்தமாக வெளியே வருகிறது. கருப்பைக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதனால் வெளியே கொட்டிவிட முடிகிறது. மார்புக்கு அப்படி வாசல் இல்லை. பெருகிய செல்கள் உள்ளேயே மடிந்து கரைய வேண்டும், கோத்த நீர் ரத்தக் குழாய்கள் வழியாகவும் நிணநீர்க் குழாய்கள் வழியாகவும் உடம்புக்குள்ளேயே திரும்பிப் போக வேண்டும். அதற்குச் சில நாள் ஆகும். உதிரம் தொடங்கிய அன்றே சிலருக்கு வலி விட்டுப்போவதும், சிலருக்கு 3 நாள் இழுப்பதும் இதனால்தான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மார்பு மறுபடி மெத்தென்று, அந்த மாதத்திலேயே மிக இலகுவாக இருக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் 25, 23 குழப்பத்துக்கு வருவோம். வலியைத் தொடங்கிவைப்பது முட்டை வெளியேறிய பிறகு உண்டாகும் மஞ்சள் உடலம். அதன் ஆயுள் ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அதிகம் மாறுவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 15 நாள், சராசரியாக 14. மாறுவது அதற்கு முந்தைய பாதி, அதாவது மாதவிடாய் வந்த நாளிலிருந்து முட்டை வெளியேறும் வரை உள்ள நாட்கள். காய்ச்சல் வந்தால், நைட் ஷிப்ட் மாறினால், வீட்டில் பெரிய கவலை என்றால் முட்டை வெளியேறுவது தள்ளிப்போகும். அது தள்ளிப்போனால் மாதவிடாயும் தள்ளிப்போகும், மார்பு வலியும் கூடவே தள்ளிப்போகும். 28 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை சுமாராக 14ஆம் நாள் வெளியேறும். 35 நாள் சுற்று உள்ளவருக்கு 21ஆம் நாள். எல்லோருக்கும் 14ஆம் நாள்தான் என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், அங்கேதான் கணக்கு தப்புகிறது.

அதனால் அன்றைக்கு அவளுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. நகைக்கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அதில் உதிரம் வரும் நாளைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போடச் சொன்னேன். மார்பில் லேசான வலி இருக்கிற நாளில் நீலப் பேனாவில் ஒரு புள்ளி. வேலையோ தூக்கமோ கெடுகிற அளவு வலி என்றால் பெருக்கல் குறி. வலி இல்லாத நாளை வெறுமனே விட்டுவிட வேண்டும். தினமும் படுக்கப் போகும்முன் அரை நிமிஷ வேலை. மூன்று நாள் கழித்து யோசித்துப் போட்டால் தப்பாகிவிடும், வலி இருந்த நாள் மட்டும்தான் மனதில் நிற்கும். ஒரு சுற்றை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டாவது வேண்டும். மூன்று இருந்தால் நல்லது.

செப்டம்பரில் அவள் கொண்டுவந்த தாள்கள் இப்படி இருந்தன. மாதவிடாய் வந்த நாட்கள் ஜூன் 3, ஜூலை 6, ஆகஸ்ட் 7, செப்டம்பர் 10. அதாவது 33 நாள், 32 நாள், 34 நாள். வலி தொடங்கியது ஜூன் 27, ஜூலை 28, செப்டம்பர் 1.

முன்னாலிருந்து எண்ணினால் வலி வந்தது 25ஆம் நாள், அப்புறம் 23ஆம் நாள், அப்புறம் 26ஆம் நாள். அவள் சொன்னது சரிதான், கணக்கே இல்லாத மாதிரி தெரிகிறது. அடுத்த சிவப்பு வட்டத்திலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள். 9 நாள், 10 நாள், 9 நாள். முட்டை எப்போது வெளியேறியிருக்கும் என்று அடுத்த மாதவிடாய் நாளிலிருந்து 14 நாளைக் கழித்துப் பார்த்தால் சுமாராக ஜூன் 22, ஜூலை 24, ஆகஸ்ட் 27. அதிலிருந்து 4, 5 நாளில் வலி ஆரம்பம். முதலில் நீலப் புள்ளிகள், கடைசி 4, 5 நாள் பெருக்கல் குறிகள், சிவப்பு வட்டம் விழுந்த மறுநாளோடு எல்லாம் நின்றுவிடுகிறது. அப்புறம் ஏறக்குறைய மூன்று வாரம் தாள் வெறுமையாக இருக்கிறது.

அந்த வெறும் கட்டங்களைத்தான் நான் அவளுக்கு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். வலி இருக்கும் நாட்களைவிட வலி இல்லாத நாட்கள் அதிகம் சொல்கின்றன. ஹார்மோனோடு சேர்ந்து ஏறி, ஹார்மோனோடு சேர்ந்து இறங்கி, முழுசாகக் காணாமல் போகும் வலி, மாதச் சுற்றின் வலி. காலண்டரைப் பற்றிக் கவலையே இல்லாமல் ஒரே இடத்தில் வந்து நிற்கும் வலி வேறு ஜாதி. அதை வேறு விதமாக விசாரிக்க வேண்டும். விலா எலும்புக் குருத்தெலும்பு வீக்கமாக இருக்கலாம், நாள் முழுக்க மெஷின் மிதித்துத் தோள் தசை பிடித்துக்கொண்டதாக இருக்கலாம், மார்பிலேயே ஏதாவது இருக்கலாம்.

இந்த மாதச் சுற்று வலிக்கு இடத்திலும் ஒரு அடையாளம் உண்டு. பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதும் சகஜம். மார்பின் மேல்பகுதியில், வெளிப்புறமாக, அக்குளை ஒட்டித்தான் அதிகம் வலிக்கும். வேப்பங்கொத்துகள் அந்தப் பக்கம்தான் நெருக்கமாக இருக்கின்றன, ஒரு வால்போல அக்குள் வரைக்கும் நீள்கின்றன. அதனால் அக்குளிலும் மேற்கையின் உள்பக்கத்திலும்கூட இழுக்கும். இந்தப் பெண்ணும் முதல் நாள் கையை வைத்திருந்தது அதே இடத்தில்தான்.

ஆகஸ்ட் 3ஆம் தேதி அவள் போன் செய்தாள். குளிக்கும்போது வலது மார்பில் மேல்பக்கம் நெல்லிக்காய் மாதிரி உருண்டை தட்டுப்படுகிறது என்றாள். குரலே நடுங்கியது. காலண்டர்படி அடுத்த மாதவிடாய்க்கு 4, 5 நாள்தான் இருந்தது. பயப்படாதே என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, அப்படிச் சொல்லும் உரிமையும் கிடையாது. மறுநாளே வரச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்கவே கரடுமுரடாக, கயிறு கயிறாக இருந்தது. அதில் ஒரு இடம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, தொட்டால் வலித்தது, விளிம்பு தெளிவாகப் பிடிபடவில்லை. வீங்கிய நுண்ணறைக் கொத்துகள் இப்படித்தான் கைக்கு உருண்டையாகத் தட்டுப்படும். அதே இடத்தைப் பேனாவால் தோலில் குறிக்காமல் காகிதத்தில் ஒரு கடிகாரம் வரைந்து 10 மணி இருக்கும் இடத்தில் குறித்துவைத்தேன். மாதவிடாய் வந்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். ஆகஸ்ட் 15 அன்று, 9ஆம் நாள், லீவு நாளாக இருந்ததால் காலையிலேயே வந்தாள். அதே 10 மணி இடத்தில் விரல்களின் தட்டையான பகுதியால் சுற்றிச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, உருண்டை இல்லை.

அது இருந்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் முதலில் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமைவிட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மார்பைத் தாங்களே தொட்டுப் பார்க்க விரும்பும் பெண்களுக்கும் இதே கணக்குதான். மாதவிடாய் தொடங்கி 7ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை பார்ப்பது நல்லது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பார்த்தால் தட்டுப்படுவதெல்லாம் கட்டியாகத் தெரிந்து ராத்திரித் தூக்கம் போய்விடும். ஆனால் அந்த வாரத்தில் தட்டுப்பட்டது மாதவிடாய் முடிந்தும் அதே இடத்தில் அப்படியே நிற்கிறது என்றால், வலிக்கிறதோ இல்லையோ, அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டாம். காம்பிலிருந்து தானாக ரத்தமோ ரத்தம் கலந்த நீரோ வந்தாலும், காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டாலும், தோலில் குழி விழுந்தாலும், ஒரு இடம் சிவந்து காய்ச்சலோடு வலித்தாலும் காலண்டரை மறந்துவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். மாதவிடாய் நின்றுபோன பிறகு புதிதாக வரும் மார்பு வலியும் இந்தக் கணக்கில் சேராது. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. தெருவில் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதைப் பார்த்து வலியைக் கண்டு பயந்த இந்தப் பெண்ணுக்கு, வலிக்காத கட்டியைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது என்று சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள்.

இப்போது அத்தை சொன்ன சூடு. வேலூரில் எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம், வெயில் அப்படி. அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஏறியிருக்கும் அந்த இரண்டு வாரமும் பெண்ணின் உடல் வெப்பம் உண்மையிலேயே கொஞ்சம் கூடியிருக்கும். விடியற்காலையில் எழுந்திருக்கும் முன் தெர்மாமீட்டர் வைத்தால் சுமார் அரை டிகிரி பாரன்ஹீட் அதிகம் காட்டும். மாதவிடாய் வந்ததும் இறங்கிவிடும். ஆகவே மார்பு வலியும் உடம்புச் சூடும் ஒரே நாட்களில் சேர்ந்து வருவதை நம் பாட்டிகள் கவனித்திருக்கிறார்கள். ஆனால் சூடு வலியைக் கொண்டுவரவில்லை. இரண்டையும் கொண்டுவருவது ஒரே ஹார்மோன். மார்கழிக் குளிரிலும் இந்த வலி அதே நாளில் வந்துவிடும், அதுவே சாட்சி. மோரும் வெந்தயமும் குடிக்கட்டும், கெடுதல் இல்லை. வலி போகும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்படியென்றால் எனக்கு ஹார்மோன் அதிகமாக இருக்கிறதா, ரத்தப் பரிசோதனை செய்யட்டுமா என்று அடுத்த கேள்வி வரும். வலி உள்ள பெண்களிடமும் வலி இல்லாத பெண்களிடமும் ரத்தத்தில் இந்த ஹார்மோன்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரித்துச் சொல்கிற மாதிரி நிலையான வித்தியாசம் தெரியவில்லை. ஒரே அளவு ஹார்மோனுக்கு ஒருவருடைய திசு அதிகமாக அசைந்துகொடுக்கிறது, இன்னொருவருடையது குறைவாக. அதனால் மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு இந்த வலிக்காக மட்டும் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஹார்மோன் டெஸ்ட் எடுப்பது பெரும்பாலும் வீண். பால் கொடுக்காத காலத்தில் இரண்டு காம்பிலும் பால் வருகிறது, மாதவிடாய் நின்று நின்று வருகிறது என்றால் அது வேறு, அங்கே பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைப் பார்க்க வேண்டும்.

வலிக்கு என்ன செய்யலாம்? எங்கள் பக்கம் பாடி என்று சொல்லும் பிராவிலிருந்துதான் நான் தொடங்குவேன். கனத்துப்போன மார்பு ஒவ்வொரு அடிக்கும் ஆடும்போது அதைத் தாங்கும் இழைகள் இழுபட்டுத்தான் பாதி வலி வருகிறது. கம்பெனி பஸ் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும்போது இவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாளாம். அளவு எடுத்து வாங்கும்போது வலி இல்லாத வாரத்தில் எடுத்து, வீங்கிய வாரத்தில் அதையே இறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வீங்கியிருக்கும் நாளில் அளவெடுத்து, அகலமான பட்டையும் முழுக் கிண்ணமும் உள்ள ஒன்றைத் தனியாக அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ராத்திரிக்குக் கம்பி இல்லாத மெல்லிய பருத்தி பிரா. மெஷின் ஸ்டூலைக் கொஞ்சம் உயர்த்தினால் மேஜை விளிம்பு மார்பில் படாமல் வயிற்றுக்கு நேராக இருக்கும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

பெருக்கல் குறி போடும் அந்த 4, 5 நாட்களுக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக் ஜெல்லை வலிக்கும் இடத்தில் தடவுவதும் நன்றாகக் கேட்கிறது, ஆனால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தடவ வேண்டாம். மாதாமாதம் வேலைக்குப் போக முடியாத அளவு வலி பல சுற்றுகள் தொடர்ந்தால் டாக்டர்கள் வேறு மாத்திரைக்குப் போவார்கள். நம் நாட்டில் ஆர்மெலாக்சிஃபின் என்ற மாத்திரையை இதற்குத் தருவது உண்டு. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் கருத்தடைக்காகச் சாயா என்ற பெயரில் கிடைக்கும் அதே மருந்துதான். மார்பில் ஈஸ்ட்ரோஜெனின் வேலையை அது தடுக்கிறது. மாதவிடாயைத் தள்ளிப்போடும், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல.

காலண்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். வலி வழக்கம்போல வருகிறது, ஆனால் சிவப்பு வட்டம் போட வேண்டிய நாள் தாண்டியும் வலி விடவில்லை என்றால், மஞ்சள் உடலத்துக்கு அந்தச் செய்தி வந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் அறிகுறி சிலருக்கு இதுதான். மாதவிடாய் தள்ளிப்போய் ஒரு வாரத்தில் சிறுநீர்ப் பரிசோதனை தெளிவாகச் சொல்லிவிடும். 40 தாண்டிய அக்காக்களுக்குச் சில சுற்றுகளில் முட்டை வெளியேறாமலே போகும். அப்போது பின்னாலிருந்து எண்ணினாலும் கணக்கு சரியாக வராது, வலி இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கலாம். மாதவிடாய் முழுசாக நின்றதும் இந்த வலியும் பெரும்பாலும் நின்றுவிடும்.

செப்டம்பர் தாளைக் கொடுத்துவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அக்டோபர் தாளைத் திருப்பினாள். 10ஆம் தேதியிலிருந்து 32, 33, 34 என்று எண்ணி அக்டோபர் 12, 13, 14 மூன்றுக்கும் பென்சிலில் லேசாக வட்டம் போட்டாள். அங்கிருந்து 9, 10 நாள் பின்னால் வந்து, 2ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதி வரை ஒரு கோடு இழுத்தாள். "அப்ப இந்த வாரம் பையனுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிடறேன் நர்சம்மா, அம்மா மேல குதிக்காத, பக்கத்துல வந்து உக்காருன்னு" என்றாள். அக்டோபர் 4 அன்று ராத்திரி போனில் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். பென்சில் கோட்டின் மேலேயே முதல் நீலப் புள்ளி இருந்தது.